பயாஸ் லைட் ஒட்டியும் படம் வெளிறித் தெரிகிறது: 55 அங்குல டிவி, சுவர் இடைவெளி 2.5 செ.மீ.

பொங்கோல்_மதி

வீவக வீட்டு ஹாலில் 55 அங்குல எல்சிடி டிவி. ஐபிஎஸ் பேனல். இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது, இரண்டு மணி நேரத்தில் கண் எரிகிறது. டிவிக்குப் பின்னால் எல்இடி பட்டை ஒட்டினால் இரண்டும் சரியாகும் என்று படித்து வாங்கினேன். சரியாகவில்லை. விவரம் முழுவதும் தருகிறேன்.

பட்டை 5 வோல்ட், மீட்டருக்கு 30 எல்இடி, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. ரிமோட் டிம்மர் உண்டு. டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம். டிவி சுவரை ஒட்டிய மெல்லிய பிராக்கெட்டில் இருக்கிறது, பின்புறத்துக்கும் சுவருக்கும் 2.5 செ.மீ.தான். சுவர் இளம் கிரீம் நிறம், பளபளப்பில்லாத எமல்ஷன்.

முதலில் ஓரத்திலிருந்து 8 செ.மீ. உள்ளே ஒட்டினேன். முழு வெளிச்சம் வைத்தும் டிவியைச் சுற்றி மெல்லிய ஒளிக்கீற்றுதான் வந்தது. பிறகு 1 செ.மீ. உள்ளே மாற்றி ஒட்டினேன். இப்போது வெளிச்சம் வருகிறது, ஆனால் சுவரில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறைத்தாலும் கண்ணை உறுத்துகிறது. சுவர் மஞ்சளாகவும் படம் அதற்குப் பக்கத்தில் நீலமாகவும் தெரிகிறது. டிவி ஸ்டாண்டர்ட் மோடில் இருக்கிறது, பேக்லைட் 80.

எங்கே தப்பு?

கிளமெண்டி_ராஜன்

பட்டை போலி, வேற ஒண்ணுமில்ல. இணையத்துல விக்கிற மலிவு சரக்குல பாதிக்கு மேல பெட்டியில ஒரு நம்பர், உள்ள ஒரு நம்பர். 6500னு போட்டு 4000 கெல்வின் குடுத்திருப்பான், அதான் மஞ்சள். சிம் லிம் டவர்ல போய் கண்ணால பார்த்து வாங்குங்க. நல்ல வெள்ளையா 8000 கெல்வின் கேளுங்க. மீட்டருக்கு 120 எல்இடி எடுங்க, நல்லா பளிச்சுனு இருக்கும். வெளிச்சம் கூடக் கூடத்தான் கறுப்பு கறுப்பாத் தெரியும்.

திரைச்சீர்

மதி, இவ்வளவு விவரம் கொடுத்ததால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ராஜன் சொன்னதில் ஒரு பாதி சரி. பெட்டியில் இருக்கும் கெல்வின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் உங்கள் வீட்டில் மஞ்சளுக்கு முதல் காரணம் பட்டை அல்ல என்று நினைக்கிறேன். டிவிதான்.

பெரும்பாலான டிவிகளில் ஸ்டாண்டர்ட் மோடின் வெள்ளை நீலம் தூக்கலாக இருக்கும், 9000 கெல்வினைத் தாண்டுவதும் சாதாரணம். படங்கள் எடுத்து நிறம் சரிசெய்யப்படுவது டி65 என்னும் வெள்ளைக்கு, அதாவது சுமார் 6500 கெல்வின். நீலம் ஏறிய வெள்ளைக்குப் பக்கத்தில் சரியான 6500 கெல்வினை வைத்தாலும் கண்ணுக்கு அது மஞ்சள்தான். டிவியை மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள், கலர் டெம்பரேச்சர் வார்ம் பக்கம் போகட்டும். முதல் நாள் படம் பழுப்பாகத் தோன்றும். இரண்டு மூன்று மாலை பார்த்தால் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு சுவரைப் பாருங்கள்.

ராஜன் சொல்லும் 8000 கெல்வின் வேண்டாம். சுவரில் நீலம் ஏறினால் கண் அந்த நீலத்தைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அப்போது படத்தில் இருக்கும் முகமெல்லாம் மஞ்சளடித்துத் தெரியும். சுவர் விளக்கின் வேலை கண்ணுக்கு ஒரு வெள்ளையை அடையாளம் காட்டுவது. அதுவே தவறினால் டிவியில் எதைத் திருகியும் பயனில்லை.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சுவர் விளக்கு திரையின் கறுப்பைத் துளிகூட மாற்றுவதில்லை. உங்கள் பேனலின் கான்ட்ராஸ்ட் ஏறத்தாழ 1000:1. வெள்ளை 120 நிட்ஸ் என்றால் கறுப்பு 0.12 நிட். இருட்டறையில் கண் அகலத் திறந்திருப்பதால் அந்த 0.12 நிட்டே சாம்பலாகத் தெரிகிறது. சுற்றிலும் அதைவிடப் பல மடங்கு வெளிச்சமான பரப்பு இருந்தால், அதே 0.12 நிட் ஒப்பீட்டில் கறுப்பாகத் தெரியும். நடப்பது இவ்வளவுதான். ஆனால் சுவர் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் அந்த ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறிப் படத்தின் மேல் படலம்போல் படியும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரைமேலும் திரும்பி விழும். நீங்கள் "வெளிறி" என்று தலைப்பில் போட்டது இதைத்தான்.

சாதாரண படத்துக்கு, திரையின் உச்ச வெள்ளையில் சுமார் 10 சதவீதம் சுவரில் இருந்தால் போதும். வெள்ளை 120 நிட்ஸ் என்றால் சுவர் 12 நிட்ஸ். கண்ணால் பார்த்தால் "இவ்வளவு மங்கலா?" என்றுதான் தோன்றும்.

பேக்லைட் 80 என்பது இருட்டறைக்கு மிக அதிகம். கண் எரிச்சலுக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். அதைக் குறைக்காமல் சுவரை எவ்வளவு ஏற்றினாலும் எரிச்சல் போகாது. முதலில் பேக்லைட், பிறகு மோடு, கடைசியில்தான் பட்டை.

பொங்கோல்_மதி

அண்ணே, 12 நிட்ஸ் என்பதை நான் எப்படி அளப்பது? என்னிடம் மீட்டர் இல்லை. கைப்பேசியில் லக்ஸ் செயலி இருக்கிறது.

திரைச்சீர்

அந்தச் செயலி இங்கே உதவாது. ஒளி சுவரை உரசியபடி பக்கவாட்டில் வருகிறது. கைப்பேசியின் உணரி நேர் எதிரே வரும் ஒளியைத்தான் ஓரளவு ஒழுங்காக அளக்கும். மீட்டரே தேவையில்லை, உங்கள் டிவியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

உச்ச வெள்ளையில் 10 சதவீத ஒளி தரும் சாம்பல் நிறத்தைத் திரை முழுவதும் காட்டுங்கள். டிவியின் மூவி மோடில் காமா 2.4 என்று வைத்துக்கொண்டால் அந்தச் சாம்பலின் எண் 255-க்கு 98. மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் இணைத்து, உலாவியின் முகவரிப் பட்டியில் இதைத் தட்டி `F11` அழுத்துங்கள்:

```
data:text/html,<body bgcolor=%23626262>
```

கணினித் திரைக்கு, அதாவது காமா 2.2 என்றால், எண் 90. அதற்கு இது:

```
data:text/html,<body bgcolor=%235a5a5a>
```

காட்டுவதற்கு முன் டிவியில் தானியங்கி வெளிச்சம், ஈகோ உணரி, லோக்கல் டிம்மிங் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் திரை வந்ததும் டிவி தானாகப் பேக்லைட்டை இறக்கிவிடும், ஒப்பீடு கெட்டுவிடும். அறை விளக்கையெல்லாம் அணைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, திரையின் சாம்பலும் ஓரத்தை ஒட்டிய சுவரும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை பட்டையைக் குறையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் வித்தியாசம் எளிதாகப் பிடிபடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளிச்சம் ஒன்றாகிவிட்ட பிறகு நிறத்தில் வித்தியாசம் இருந்தால் அதுவும் அப்பட்டமாகத் தெரியும். அப்போது ஒரு வெள்ளை ஏ4 தாளைச் சுவரின் ஓரத்தில் ஒட்டிப் பாருங்கள். தாள் திரையின் சாம்பலோடு ஒத்துப்போய், சுவர் மட்டும் மஞ்சளாக இருந்தால் குற்றம் பெயிண்டில். தாளும் மஞ்சளாக இருந்தால் பட்டையில்.

தெம்பனிஸ்_நூர்ஜஹான்

எனக்கும் இதே கண் பிரச்சினைதான். 27 அங்குல மானிட்டரில் இரவு பத்து மணிவரை கணக்கு வேலை. மானிட்டரின் தலையில் மாட்டும் நீள விளக்கு வாங்கியிருக்கிறேன். அதற்கு எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்? அதுவும் 6500 கெல்வினில்தான் இருக்க வேண்டுமா? அது போட்டும் கண் களைப்பு குறையவில்லை.

திரைச்சீர்

நூர்ஜஹான், நீங்கள் சொல்வது வேறு விளக்கு. அது மேசைமேல் இருக்கும் தாளுக்கும் விசைப்பலகைக்கும் வெளிச்சம் தருவது. திரைக்குப் பின்னால் இருக்கும் சுவர் அதனால் மாறாது. கண்ணின் பார்வைக்குள் இன்னமும் பிரகாசமான ஒரு செவ்வகமும் சுற்றிலும் இருட்டும்தான் இருக்கின்றன. மானிட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

தெம்பனிஸ்_நூர்ஜஹான்

சுவரே இல்லை, ஜன்னல். மேசை ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெளியே எதிர் பிளாக்கின் தாழ்வார விளக்குகள் தெரியும்.

திரைச்சீர்

அப்படியென்றால் ஜன்னல் திரையை மூடுங்கள். வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் பிளைண்டாக இருந்தால் அதுவே உங்கள் சுவர். இருட்டு நடுவில் புள்ளி புள்ளியாகத் தெரியும் தாழ்வார விளக்குகள் அங்கே இருப்பதே கண்ணுக்குச் சிரமம். மானிட்டருக்குப் பின்னால் மேசைமேல் ஒரு சிறிய விளக்கைக் கவிழ்த்துப் பிளைண்டைப் பார்த்தபடி வையுங்கள். பல்பு உங்கள் கண்ணில் நேராகப் படக் கூடாது. பட்டைகூட வேண்டாம்.

உங்கள் வேலைக்கு 10 சதவீதக் கணக்கை நான் கறாராகச் சொல்ல மாட்டேன். அது இருட்டுக் காட்சிகள் வரும் படத்துக்கானது. கணக்கு ஏடு முழுக்க வெள்ளைப் பரப்பு. காப்பாற்ற வேண்டிய கறுப்பு எதுவும் அதில் இல்லை. சுவர் ஐந்தில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தாலும் நல்லதுதான். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரை அந்தத் தாளைவிடப் பளீரென்று விளக்குபோல் தெரிந்தால் மானிட்டரின் வெளிச்சத்தை இறக்குங்கள்.

ஜூரோங்_முத்தையா

தம்பி, எல்லாரும் 6500 கெல்வின் என்கிறீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நீல வெளிச்சம் எதற்கு? தூக்கம் கெடும். படுக்கையறையில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்குத்தான் கண்ணுக்கு இதம். டிவிக்குப் பின்னாலும் அதையே போட்டால் என்ன குறை?

திரைச்சீர்

ஐயா, இதமாக இருப்பது உண்மை. குறை எங்கே வருகிறது என்றால், சுற்றிலும் 2700 கெல்வின் இருக்கும்போது கண் அதற்குப் பழகித் திரையின் வெள்ளை நீலமாகத் தெரியத் தொடங்கும். நிறம் முக்கியமில்லை, செய்தி மட்டும் பார்க்கிறோம் என்றால் போட்டுக்கொள்ளலாம், கறுப்பு கறுப்பாகத் தெரியும் பலன் அப்போதும் கிடைக்கும். டிவியிலேயே நீலம் குறைக்கும் மோடு வைத்துப் பார்ப்பவர்களுக்கு மஞ்சள் பட்டைதான் பொருத்தமும்கூட.

தூக்கத்தைப் பற்றி நான் சொல்வது ஒன்றே. பட்டை சுவரில் 12 நிட்ஸ், திரை 120 நிட்ஸ். கண்ணுக்குப் போகும் நீலத்தில் பெரும்பகுதி திரையிலிருந்தே வருகிறது. பட்டையை மட்டும் மஞ்சளாக்கி அதைத் தடுக்க முடியாது.

ஜூரோங்_முத்தையா

திரை சின்னது, சுவர் பெரியது. பரப்பையும் கணக்கில் எடுக்க வேண்டுமே. எனக்கு இன்னும் ஒப்பவில்லை. போகட்டும், மதியின் கேள்விக்கு வாருங்கள்.

சால்டரிங்_சிவா

மதிக்கு இன்னும் இரண்டு சிக்கல் பாக்கி: புள்ளி, உறுத்தல்.

புள்ளி தெரிவது எல்இடிகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தால். மீட்டருக்கு 30 என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 3.3 செ.மீ. உங்கள் சுவர் இடைவெளி 2.5 செ.மீ. ஒவ்வொரு எல்இடியின் ஒளியும் அடுத்ததோடு கலப்பதற்குள் சுவர் வந்துவிடுகிறது. நான் பின்பற்றும் கணக்கு, எல்இடி இடைவெளி சுவர் இடைவெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீட்டருக்கு 60 என்றால் 1.7 செ.மீ., உங்களுக்குப் போதும். ராஜன் அண்ணன் சொன்ன 120 தேவையில்லை, அந்த வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது என்று பிறகு திண்டாட வேண்டும்.

எவ்வளவு உள்ளே ஒட்டுவது என்பதும் சுவர் இடைவெளியைப் பொறுத்தது. பட்டை சுவரைப் பார்த்து இருக்கும்போது நேர் எதிரில்தான் உச்ச வெளிச்சம். இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தூரம் பக்கவாட்டில் போனால் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நீங்கள் முதலில் 2.5 செ.மீ. இடைவெளியில் 8 செ.மீ. உள்ளே ஒட்டினீர்கள். ஓரத்துக்கு வந்து சேர்ந்தது சுமார் 40-ல் ஒரு பங்கு. மீதியெல்லாம் டிவியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. பிறகு 1 செ.மீ.க்கு வந்ததும் உச்சமே ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில், 2.5 முதல் 3 செ.மீ. உள்ளே ஒட்டுங்கள்.

உறுத்தலுக்கு டிம்மரைச் சந்தேகிக்கிறேன். மலிவு ரிமோட் டிம்மர்கள் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. எல்இடியை நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து ஏற்றுகின்றன. 100 சதவீதத்தில் நடுக்கம் இருக்காது, குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் கூடும். சோதனை எளிது: இருட்டறையில் அந்தச் சுவருக்கு எதிரே ஒரு பேனாவை வேகமாக விசிறி ஆட்டுங்கள். ஒரே மங்கல் விசிறியாகத் தெரிந்தால் சரி. தனித்தனிப் பேனாக்களாகப் பிரிந்து தெரிந்தால் ஒளி துடிக்கிறது. 100-இலும் 40-இலும் செய்து ஒப்பிடுங்கள். அப்போது டிவியை அணைத்துவிடுங்கள், சில டிவிகளின் பேக்லைட்டும் இதே மாதிரி துடிக்கும்.

பொங்கோல்_மதி

பேனா சோதனை செய்தேன். 100-இல் ஒரே விசிறி. 40-இல் ஐந்தாறு பேனாக்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. டிவி அணைத்திருந்தது.

தாள் சோதனையும் ஆயிற்று. மூவி மோடுக்கு மாற்றிய பிறகு தாள் திரையின் சாம்பலோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. சுவர் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஆக பட்டை போலியில்லை, பெயிண்ட்தான். பேக்லைட்டை 80-இலிருந்து 25-க்கு இறக்கினேன். கண் எரிச்சலில் பாதி அன்றே போய்விட்டது.

அண்ணே, டிம்மர் இல்லாமல் எப்படிக் குறைப்பது?

சால்டரிங்_சிவா

டயோடு போதும். 5 வோல்ட் வெள்ளைப் பட்டையில் ஒவ்வொரு எல்இடியும் தன் ரெசிஸ்டரோடு தனித்தனியாக இணைந்திருக்கும். எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும், மிச்சம் 2 வோல்ட் ரெசிஸ்டரில். அந்த 2 வோல்ட்தான் மின்சாரம் எவ்வளவு ஓடும் என்று தீர்மானிக்கிறது. நேர் கம்பியில் ஒரு சிலிக்கான் டயோடைத் தொடராக வைத்தால் அது 0.7 முதல் 0.8 வோல்ட்டைத் தின்றுவிடும். ரெசிஸ்டருக்கு 1.2 மிஞ்சும், வெளிச்சம் 60 சதவீதத்துக்கு இறங்கும். இரண்டு வைத்தால் சுமார் 30. மூன்று வைத்தால் மிகவும் மங்கிவிடும். துடிப்பு துளியும் இருக்காது.

உங்கள் அளவுக்குக் கணக்கு: 55 அங்குலத்துக்கு மேல்புறமும் இரு பக்கமும் 3 செ.மீ. உள்ளே ஒட்ட 2.4 மீட்டர் பட்டை. அடியில் டிவி கன்சோல் பளபளப்பாக இருந்தால் கீழ்ப்பக்கம் ஒட்ட வேண்டாம், எல்இடி அதில் வரிசையாகப் பிரதிபலிக்கும். மீட்டருக்கு 60 எல்இடி பட்டை 4.8 வாட் என்று போட்டிருந்தால் மொத்தம் 11.5 வாட், முழு வெளிச்சத்தில் 2.3 ஆம்பியர். இரண்டு டயோடு போட்டால் 0.7 ஆம்பியர் வரும். `1N4007` ஒரு ஆம்பியர்தான் தாங்கும், சூடாகும். 3 ஆம்பியர் தாங்கும் `1N5408` வாங்குங்கள். சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், விலை சில்லறைக் காசு. வெள்ளிக்கோடு எல்இடி பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் எரியாது, சேதமும் ஆகாது.

இந்த 0.7 ஆம்பியரும் டிவியின் யுஎஸ்பிக்கு அதிகம். யுஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியருக்குத்தான் உத்தரவாதம். 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் எடுங்கள், பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூலையில் பட்டையை மடிக்காதீர்கள், செப்புப் பாதை விரிசல் விடும். கத்தரிக்கோல் குறியில் வெட்டிச் சிறு கம்பியால் சால்டர் பண்ணுங்கள். ஒட்டுவதற்கு முன் டிவி முதுகை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கும் டிவி சூட்டுக்கும் பட்டையோடு வரும் பசை சில மாதத்தில் இளகும். மூலைகளில் சிறு கிளிப் வைத்தால் தொங்காது. காற்றுத் துளைகளை மறைக்க வேண்டாம்.

கிளமெண்டி_ராஜன்

டயோடு விஷயம் நல்லாயிருக்கு, எனக்குத் தெரியாதது. ஆனா டிவியை அணைச்சா பட்டையும் அணையணும்ல? யுஎஸ்பியில அந்த வசதி இருக்கு. அடாப்டர்ல இல்ல.

சால்டரிங்_சிவா

உண்மை, அதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். டிவி அணைந்தாலும் யுஎஸ்பியில் மின்சாரம் விடும் டிவிகளும் உண்டு, ஆகவே அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. சுவர் சுவிட்சில் அணைப்பதே எளிது.

ஓஎல்இடி_அன்பன்

இதெல்லாம் எல்சிடி வைத்திருப்பவர்களுக்கு. ஓஎல்இடியில் கறுப்பு என்றால் கறுப்பு. அதற்குப் பின்னால் விளக்குப் போடுவது இருக்கிற கறுப்பைக் கெடுப்பது. இருட்டறைதான் சரி.

திரைச்சீர்

கறுப்பைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மதியின் திரையில் கறுப்பு ஏற்கெனவே 0.12 நிட். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி விழும் ஒளி அதன்மேல் நூறில் ஒரு பங்கு நிட் கூட்டினால் யாருக்கும் தெரியாது. பூஜ்யத்தின்மேல் அதே அளவு ஏறினால் அது முழுக்க இழப்பு. போலரைசர் இல்லாத கியூடி-ஓஎல்இடியில் வெளி ஒளி பட்டால் கறுப்பு ஊதாச் சாம்பலாகவும் தெரியும். ஆனால் இருட்டறையில் ஒரு வெள்ளைக் காட்சி வந்ததும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறதே, அது ஓஎல்இடியிலும் உண்டு. அதற்காக மிக மங்கலாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். எச்டிஆர் படங்களைச் சோதிக்கும் சூழலுக்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.2100 பரிந்துரை திரையின் பின்னணியை 5 நிட்ஸ் என்கிறது, இருட்டு என்று சொல்லவில்லை.

ஓஎல்இடி_அன்பன்

அது நிறம் சரிபார்ப்பவர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் அறை. இரண்டு மணி நேரப் படத்துக்கு நான் இருட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

பொங்கோல்_மதி

எல்லாம் மாற்றி முடித்தேன். மீட்டருக்கு 60 எல்இடி, 2.4 மீட்டர், மூன்று பக்கம், 3 செ.மீ. உள்ளே. `1N5408` இரண்டு, 5 வோல்ட் அடாப்டர். புள்ளி போய்விட்டது. பேனா சோதனையில் ஒரே விசிறி.

ஆனால் சாம்பல் திரையோடு ஒப்பிட்டால் சுவர் இன்னும் கூடுதல் வெளிச்சம், கண் மதிப்பில் இரு மடங்கு இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்த்தேன். வெளிச்சம் குறைந்தது, சுவர் இன்னும் மஞ்சளாகிவிட்டது.

திரைச்சீர்

மாஸ்கிங் டேப்பே பழுப்பு நிறம், ஒளியையும் பழுப்பாக்கும். தண்ணீர்க் குழாய் மூட்டுக்குச் சுற்றும் வெள்ளை டேப் வாங்குங்கள், அக்கம்பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே இருக்கும். அந்தப் பொருள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும், சாயம் ஏறாது. அதில் பசை இல்லை. பட்டைமேல் படரவிட்டு இடையிடையே சிறு டேப் துண்டால் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் ஓர் அடுக்கு, பார்த்துவிட்டு அடுத்தது.

கிரீம் சுவருக்கு இரண்டு வழி. பிராஸ் பாசா வளாகத்துக் கடைகளில் வெள்ளை ஃபோம் போர்டு வாங்கி, டிவியைச் சுற்றி 15 செ.மீ. வெளியே தெரியும்படி பின்னால் வைக்கலாம், பார்க்க அவ்வளவு அழகாக இராது. இல்லாவிட்டால் தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த ஒரு சுவரை மட்டும் சாயமில்லாத வெள்ளையோ வெளிர்சாம்பலோ ஆக்கிவிடுங்கள். மேட் ஃபினிஷ்தான் வேண்டும்.

பொங்கோல்_மதி

வெள்ளை டேப் இரண்டு அடுக்கில் சாம்பலும் சுவரும் ஒன்றாகிவிட்டன. நேற்று முழுப் படம் பார்த்தேன். இருட்டுக் காட்சிகளில் படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் இப்போது கறுப்பாகவே தெரிகின்றன. மூலையில் ஐபிஎஸ் பளபளப்பு மட்டும் பக்கவாட்டில் உட்கார்ந்தால் இன்னும் தெரிகிறது. கண் எரிச்சல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

தெம்பனிஸ்_நூர்ஜஹான்

மதி, ஏர்கான் காற்று முகத்தில் நேராக அடிக்கிறதா பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, அதோடு காற்றும் சேர்ந்தால் கண் உலரும். எனக்குப் பிளைண்டும் பின்விளக்கும் வைத்த பிறகு தலைவலி குறைந்தது, உலர்ச்சி குறையவில்லை. ஏர்கான் இதழைத் திருப்பிய பிறகுதான் அது குறைந்தது.

பொங்கோல்_மதி

சோபாவுக்கு நேர் மேலேதான் ஏர்கான். இன்றைக்கே திருப்புகிறேன் அக்கா.

சிவா அண்ணே, எச்டிஆர் படத்துக்குச் சுவர் 5 நிட்ஸ் என்றால் இப்போது இருப்பதில் பாதி. ஒரு சுவிட்சில் மாற்ற முடியுமா?

சால்டரிங்_சிவா

முடியும். இரண்டு டயோடுக்கு அடுத்து `1N5822` ஒன்றைத் தொடராக வையுங்கள். அது ஷாட்கி வகை, இந்த மின்சாரத்தில் 0.3 வோல்ட் அளவுதான் தின்னும். அதன் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு சின்ன சுவிட்ச். சுவிட்சை மூடினால் டயோடு விலகிப் பழைய வெளிச்சம், திறந்தால் ஏறத்தாழ பாதி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் எல்இடிக்கு எல்இடி வெளிச்சம் கொஞ்சம் வேறுபடலாம், நிறமும் லேசாக நகரலாம். சுவிட்சைத் திறந்துவைத்து வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி இன்னொரு தடவை பாருங்கள். பச்சை ஏறியிருந்தால் சொல்லுங்கள், அப்போது ஷாட்கியை விட்டுவிட்டு மூன்றாவது அடுக்கு வெள்ளை டேப்புக்குப் போகலாம்.